பறித்த நிலத்துக்கும் வரியா?

போன மாதம் சித்தி மகள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பட்டா நகல், அடங்கல், பாங்க் பாஸ்புக். "அண்ணே, நிலத்துக்கு வந்த பணத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் குறையுது. யாரைக் கேட்டாலும் வரின்னு சொல்றாங்க. நான் என்ன சம்பாதிச்சேன், எதுக்கு வரி?" என்றாள்.

நாற்பது வருடம் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டிய எனக்கே உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மீன்சுருட்டிப் பக்கம் சித்தி வீட்டுக்கு ஒரு முந்திரிக் கொல்லை இருந்தது. தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். கூட்டுப் பட்டாவில் நாலு பங்கு, மொத்த இழப்பீடு 24 லட்சம், ஆளுக்கு 6 லட்சம். பணம் வந்தது 2023 கடைசியில். மூன்று பேருக்கு 10 சதவீதம், அதாவது தலா 60,000 ரூபாய் பிடித்தம். சித்தி மகளுக்கு மட்டும் 20 சதவீதம். காரணம், அவளுடைய பான் அட்டை ஆதாருடன் இணைக்கப்படாததால் 2023 ஜூலை முதல் செயலிழந்து கிடந்தது. செயலிழந்த பான் இல்லாத பானுக்குச் சமம் என்பது சட்டம். புருஷனை இழந்தவள், வேறு வருமானம் இல்லாதவள். அவளுக்குத்தான் இரட்டைப் பிடித்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கட்டாயமாக எடுக்கும் அசையாச் சொத்துக்கான இழப்பீட்டில் 10 சதவீதம் பிடிக்கச் சொன்னது 1961 வருமான வரிச் சட்டத்தின் 194எல்ஏ பிரிவு. அப்போது 2.5 லட்சத்துக்கு மேல் போனால் பிடித்தம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 5 லட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் அதே பிரிவு, விவசாய நிலத்துக்குப் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது. நிலம் நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் விவசாய நிலமாக இருந்தால் பிடித்தம் கிடையாது.

பிடித்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரியே உண்டா? கிராமத்து விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை என்கிறது சட்டம். பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை ஜனத்தொகை உள்ள ஊர் என்றால், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் போதும். நம் ஜெயங்கொண்டம் நகராட்சி அந்த வகைதான். மீன்சுருட்டிக் கொல்லைக்கு அந்தக் கவலையே இல்லை. நகரத்துக்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கும் அந்தச் சட்டத்தில் 10(37) என்ற பிரிவு இருந்தது. கட்டாயமாக எடுப்பதற்கு முந்தைய இரண்டு வருடம் உடையவரோ அவருடைய பெற்றோரோ அதில் பயிர் செய்திருந்தால் வரி இல்லை.

அப்படியானால் ஏன் பிடித்தார்கள்? சித்தி மகள் கொண்டுவந்த அடங்கலைப் பார்த்தேன். பயிர் என்ற கலத்தில் "தரிசு" என்று எழுதியிருந்தது. முந்திரி மரங்கள் நிற்கிற கொல்லையை, யாரோ நேரில் வராமலே தரிசாக்கிவிட்டார்கள். பணம் கொடுத்த அலுவலகத்துக்கு அந்தத் தாள்தான் வேதம். சந்தேகம் வந்தால் பிடித்துவிடு, அவன் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்பது அலுவலக வழக்கம். பிடிக்காமல் விட்டால் தணிக்கையில் அதிகாரி மாட்டிக்கொள்வார். பிடித்துவிட்டால் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், எனக்குத் தெரியும்.

திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமா? வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தம்பிமார் மூவரும் செய்து வாங்கிவிட்டார்கள். இவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தாமதக் கணக்குக்கான கடைசி நாள் 2025 ஜனவரி 15, அதுவும் போய்விட்டது. இனி ஒரே வழி, 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடுவது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள், இவள் விஷயத்தில் 2030 மார்ச்சுக்குள், போடலாம். அதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய் கட்டிப் பானை ஆதாருடன் இணைக்க வேண்டும். முந்திரிக்கான வி.ஏ.ஓ. சான்று வாங்க வேண்டும். நிலத்தை எடுத்தது அரசாங்கம், தவறாகப் பிடித்தது அரசாங்கம், மன்னிப்புக் கேட்க வேண்டியது மட்டும் என் தங்கை!

இன்னொரு அநியாயம் இருக்கிறது. 2013-ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது என்கிறது. விவசாய நிலம், மனை என்ற பேதம் இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 அக்டோபரில் 36-ஆம் எண் சுற்றறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் வருடத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி. 2015 முதல் இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டப்படி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படியானால் வரி விலக்கும் கூடவே வருமா? வரும் என்று சில தீர்ப்பாயங்கள், வராது என்கிற தீர்ப்பும் உண்டு. ஒரே ஊரில் அரசுக் கட்டடத்துக்கு மனை கொடுத்தவனுக்கு வரி இல்லை, சாலைக்கு மனை கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு வரி திருத்தத்தில் தீர்க்கக்கூடியதை இப்படியா இழுப்பது?

சம்பளம் வாங்குகிறவன் வரி கட்டுகிறானே, லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறவன் கட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விற்கிறவன் விலை பேசுகிறான், பிடிக்காவிட்டால் விற்காமல் இருக்கிறான். இங்கே அந்த உரிமை இல்லை. வந்த பணத்தில் வேறு நிலம் வாங்கினால்தான் பழைய நிலைக்கு வரலாம். அதில் வரியைக் கழித்தால் 30 சென்ட் கொடுத்தவன் 27 சென்ட்தான் வாங்க முடியும். போனதற்கு ஈடு கொடுப்பது வருமானம் ஆகாது.

நிலக்கரித் திட்டத்துக்குக் கொடுத்த நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கோர்ட்டில் தொகை கூடினால் தாமதத்துக்கு வட்டியும் சேர்ந்து வரும். பழைய 1894 சட்டப்படி முதல் வருடம் 9 சதவீதம், பிறகு 15 சதவீதம். அந்த வட்டியில் பாதி, கைக்கு வரும் ஒரே வருடத்தில் வருமானமாகக் கணக்கில் சேர்கிறது. இருபது வருடம் தாமதித்தது யார்? வரி கட்டுவது யார்?

காரைக்காலில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, 1789-ஆம் வருட மனித உரிமைப் பிரகடனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதன் கடைசி விதி, பதினேழாவது, சொத்தைப் பற்றியது. பொதுத் தேவைக்காக எடுத்தாலும், ஈடு நியாயமானதாகவும் முன்கூட்டியும் தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பிரம்படிக்குப் பயந்து படித்தேன். அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

நிலம் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறிவிப்பு வந்த அன்றே அடங்கலை வாங்கிப் பாருங்கள். பயிரைச் சரியாக எழுதவைத்து, விவசாய நிலம் என்று சான்றுடன் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பங்குதாரரின் பானும், முக்கியமாக வீட்டுப் பெண்களுடையது, உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வந்த பிறகு பிடித்தம் இருந்தால் அந்த வருடமே கணக்குப் போட்டுவிடுங்கள்.

சித்தி மகளுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். மன்னிக்கக் கோருகிறேன் என்ற வரியை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.