'கயல்' முடிஞ்சதும் ரிமோட்டைத் தேடாதது ஏன்? சேனல்கள் போடும் நேரக் கணக்கு!

அவிநாசியில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் வீடு திரும்ப இரவு எட்டரை மணி தாண்டிவிடும். வீட்டில் டிவி அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர் சாப்பிட உட்கார்ந்து, ஓடுவதையே பார்க்கத் தொடங்குவார். ஆக, எட்டரை மணி சீரியலைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. ஏழரைக்கு டிவி போட்டவர்தான்!

சேனல்கள் இதை 'லீட்-இன்' என்கின்றன. நன்றாக ஓடும் நிகழ்ச்சிக்குப் பின்னால் புதியதை ஒட்டவைப்பது. சன் டிவியில் 2021-ல் வந்த 'கயல்' இரவு 7.30-க்கு இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் 'சிங்கப்பெண்ணே' வந்தபோது கிடைத்த நேரம் 8 மணி. அதன் நாயகி ஆனந்தியும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண் என்பதால் நம்ம பக்கம் கூடுதல் ஒட்டுதல் வேறு. 2024 ஆகஸ்டில் 'மூன்று முடிச்சு' 8.30-க்கு வந்தது. ஒன்றின் கூட்டம் அடுத்ததுக்கு முதலீடு.

இந்தச் சங்கிலி அறுவது சீரியல் மாறும் அந்த ஓரிரு நிமிடத்தில்தான். பார்க் அமைப்பு மீட்டர் வைத்த வீடுகளில் நிமிடவாரியாகக் கணக்கெடுக்கிறது. முந்தைய சீரியலின் கடைசி நிமிடத்தையும் அடுத்ததன் முதல் நிமிடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை பேர் நழுவினார்கள் என்று தெரிந்துவிடும். அதனால்தான் அந்த இடத்தில் நீண்ட விளம்பரம் வராது. மூச்சுவிடும் முன் அடுத்த எபிசோடு தொடங்கிவிடும்.

விஜய் டிவியின் 'மகா சங்கமம்' இதிலும் ஒரு படி மேலே. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்', 'பாக்கியலட்சுமி' குடும்பங்களை ஒரே கதையில் கலந்து ஒரு மணி நேரம் ஓட்டினால், மாறுவதற்கு இடைவெளியே இல்லையே! ஆனால் சங்கமம் முடிந்ததும் பழைய நிலைக்கே எண்ணிக்கை இறங்கினால், சேர்ந்தது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று அர்த்தம்.

சரி, எதிராளி இப்படிச் சங்கிலி போட்டிருந்தால் என்ன செய்வது? சீரியலுக்கு எதிரே இன்னொரு சீரியல் போட்டால் அதே ஆட்களைத்தான் பங்கு போட வேண்டும். 2017 ஜூன் 25-ல் விஜய் டிவி வேறு வழியில் போனது. கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' வார நாட்களில் இரவு 9 மணிக்கு, சீரியல்கள் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வந்தது. குறி, சீரியல் பக்கமே வராத இளைஞர்கள். இதுதான் 'கவுன்டர் புரோகிராமிங்'.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே டிவி உள்ள வீட்டில் அம்மாவுக்கு சீரியல், மகனுக்கு பிக் பாஸ் என்றால் ரிமோட் யார் கையில்? பெரும்பாலும் மகன் மொபைலில் ஹாட்ஸ்டாரைத் திறந்துவிடுவான். டிவி மீட்டரில் அந்த வீடு சீரியல் வீடாகவே பதிவாகும். தவிர, பிக் பாஸ் சுமார் 100 நாளில் முடிந்துவிடும். அந்தக் கூட்டம் கலைவதற்குள் முன்னும் பின்னும் ஒரு சீரியலைப் பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமை அதே 9 மணிக்கு மறுபடி முதலிலிருந்துதான்.