மோதும் வகுப்புகள்

ஒரு கல்லூரியின் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் 12:00 முதல் 12:50 வரை சிறப்புச் சொற்பொழிவு; எந்தெந்த வகுப்புகள் அதோடு மோதும்? தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்தி 12 மணிக்கு அக்கம்பக்கம் பார்த்தால் போதுமே என்றுதான் தோன்றும். 11:00 வகுப்பு 11:50க்கே முடிந்துவிட்டது, மோதல் இல்லை என்போம். ஆனால் காலை 9:00க்கு ஆரம்பித்த லேப் 12:30 வரை நீள்கிறதே, அது வரிசையில் எங்கோ முன்னால் ஒளிந்திருக்கிறது. இன்டர்வல் ட்ரீ இதற்குச் செய்யும் தந்திரம் எளிமையானது. தொடக்க நேரப்படி அடுக்கிய தேடல் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும், தன் வகுப்போடு, தனக்குக் கீழே உள்ளவற்றையும் சேர்த்து மிகக் கடைசியாக முடியும் நேரத்தையும் அது எழுதி வைக்கிறது. 11:00 வகுப்பு உச்சிக் கணு, இடக்கிளையில் அந்த நேரம் 12:30 என்றால், சொற்பொழிவுக்காக உள்ளே இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும், லேப் சிக்கிவிடும். அதே சொற்பொழிவை 1:30க்கு மாற்றினால் அந்த இடக்கிளை முழுவதையும் தொடாமலே தாண்டிவிடலாம். கணுவின் வகுப்பே சொற்பொழிவு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது என்றால் வலக்கிளையும் வேண்டாம். (12:50க்கு முடிவதும் 12:50க்குத் தொடங்குவதும் மோதலல்ல என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள், வம்பு வருவது அந்த எல்லையில்தான்.) வகுப்பை நீக்கும்போது அந்தக் கடைசி நேரத்தைத் திருத்த மறந்தால் தேடல் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சேர்க்கும்போது மறந்தால், இருக்கும் மோதலையே இல்லையென்று சொல்லிவிடும்.