பூசணம் பூத்த வத்தலைத் தட்டி எடுத்துச் சாப்பிடலாமா?

1) போன வாரம் ஓபியில் ஒரு ஆச்சி. மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமம். சுகர் மாத்திரை வாங்க வந்தவங்க, பையிலிருந்து ஒரு கை மிளகாய் வத்தலை எடுத்து மேசையில் வெச்சாங்க. "டாக்டரய்யா, பூசணம் புடிச்சிட்டு. தட்டிட்டு வெயில்ல போட்டா சரியாயிரும்லா?"

2) ஆகாது ஆச்சின்னு சொன்னேன். "ரெண்டு கிலோவையும் தூரப் போடச் சொல்லுதியளா?"ன்னு கேட்டாங்க. மனசு கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா ஆமான்னுதான் சொன்னேன். ஏன்னு இங்கே எழுதுறேன், நம்ம வீடுகளில் பாதிப் பேர் செய்வது அந்தத் 'தட்டிட்டுக் காய வைக்கிற' வேலைதான்.

3) வெயில் பூசணத்தை வாட வைக்கும். ஆனா சில பூசணங்கள் வளரும்போதே அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை மிளகாய்க்குள் விட்டுடும். அதுக்கு நிறமில்லை, தட்டினா உதிராது. அது முழுசாச் சிதைய 200 டிகிரிக்கு மேல் சூடு வேணும். நாம தாளிக்கிற எண்ணெய், கொதிக்கிற குழம்பு எதுவும் அதை முழுசா அழிக்கிறதில்லை.

4) பயமுறுத்தச் சொல்லலை. ஒருநாள் தெரியாமச் சாப்பிட்டா புற்றுநோய் வந்துடாது. ஆனா இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு உறுதியான பொருள். கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கில் உள்ளே போவதுதான் ஆபத்து. ஹெபடைடிஸ் பி உள்ளவங்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. மிளகாய்ப் பொடி தினமும் சேர்க்கிற பொருள்ங்கிறதை மறக்காதீங்க. பூசணம் பூத்த காய்கறி வத்தலை மாட்டுக்கும் போட வேண்டாம், நஞ்சு பாலில் வரும்.

5) சரி, ஆச்சி வீட்டில் எங்கே தப்பு? விசாரிச்சேன். நாலு நாள் நல்ல வெயில். அஞ்சாம் நாள் மதியம் மேகம் கூடி ரெண்டு தூத்தல். அவசரமா அள்ளி, சூடு ஆறாமலே பிளாஸ்டிக் வாளியில் போட்டு இறுக மூடிட்டாங்க. எட்டு நாள் கழிச்சுத் திறந்தா மேலடுக்கு முழுக்க சாம்பல் பூத்திருக்கு.

6) மேலடுக்கு என்பதுதான் துப்பு. சூடான வத்தலிலிருந்து கிளம்பின ஆவி மூடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டா கீழே விழுந்திருக்கு. அதோட மிளகாயின் தோல் காய்ஞ்சாலும் காம்படியும் உள்சதையும் கடைசியில்தான் காயும். அந்த ஈரமும் மூடின வாளிக்குள் மெதுவா வெளியே வரும்.

7) அதனால் மூணு மணி வெயிலில் சொடசொடன்னு இருப்பதை நம்பி மூடாதீங்க. நிழலில் ஒரு மணி நேரம் ஆற விட்டுப் பாருங்க. மிளகாயைக் குலுக்கினா விதை சலசலக்கணும், காம்படியில் ஒடிச்சா முறியணும். மாங்காய் வத்தலைப் பிய்ச்சு விரலால் அழுத்தினா நடுவில் ஈரம் தெரியக் கூடாது. சாயங்காலம் பனி இறங்கும் முன்னே உள்ளே எடுத்துடணும். தரையில் நேரா போடாம, கட்டில் மேல் வெள்ளைத் துணி விரிச்சுப் போடுங்க. பூசண விதைகள் மண்ணில்தான் அதிகம்.

8) அப்புறம்தான் முக்கியமான வேலை. நேரா வருஷ டப்பாவில் கொட்டாதீங்க. கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்க. கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்தாலோ வத்தல் ஒட்டிக்கிட்டாலோ ஈரம் மிச்சம் இருக்கு. பூசணம் வரும் முன்னே கிடைக்கிற எச்சரிக்கை அது. அன்னைக்கே எடுத்து மறுபடி ரெண்டு நாள் வெயிலில் போட்டா வத்தல் பிழைச்சுடும். ஆச்சி மூடின மறுநாளே திறந்து பார்த்திருந்தா ரெண்டு கிலோவும் தப்பியிருக்கும்.

9) உப்புப் போட்ட மோர் மிளகாய், மாங்காய் வத்தலில் வெள்ளையா இருப்பதெல்லாம் பூசணம் இல்லை. ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உப்புன்னா கரைஞ்சு போகும். பஞ்சு மாதிரி நின்னா பூசணம். ஆனா உப்பு இருக்குன்னு அசட்டையா இருக்காதீங்க. சாரல் காலத்தில் உப்பே காத்து ஈரத்தை இழுத்து வத்தலைக் கசிய வைக்கும். சின்னச் சின்ன பாட்டிலில் பிரிச்சு வெச்சு, ஒண்ணு தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்க.

10) மில்லுக்குக் கொண்டு போகும் முன் பத்து மிளகாயை ஒடிச்சு உள்ளே பாருங்க. விதையைச் சுத்தி சாம்பல், பச்சை, கருப்புத் தூள் இருந்தா அரைக்காதீங்க. அரைச்ச பிறகு எல்லாம் ஒரே சிவப்புதான், கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடையில் வாங்கின வத்தலுக்கும் இதே சோதனைதான்.

11) ஆச்சி கடைசியா, "அடுத்த வருசம் பாட்டில் வாங்கிக்கிடுதேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. உங்க வீட்டு டப்பாவை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க.