சொன்ன விலை சொன்னதுதானா?

எங்கள் அச்சுத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: “கொட்டேஷன் போயாச்சுன்னா போனதுதான். திரும்பக் கேட்டா பேர் கெட்டுடும்.” சொல்பவர்கள் இதை நாணயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிப் பித்தலாட்டம் இந்த நாணயத்திலிருந்துதான் பிறக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். ஒரு பதிப்பாளருக்கு டெமி அளவில் 200 பக்கப் புத்தகம், 1,000 பிரதி. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றால் பன்னிரண்டரை ஃபாரம். பிரதிக்குப் பன்னிரண்டரை தாள் என்ற கணக்கில் 12,500 தாள், அதாவது 25 ரீம். கழிவுக்கு இரண்டு சேர்த்து 27. நானோ தாளுக்கு 32 பக்கம் என்று எடுத்து, பதின்மூன்றரை ரீமோடு நிறுத்திவிட்டேன். ரீம் 840 ரூபாய். 11,340 ரூபாய் கணக்கிலேயே வரவில்லை. பிரதிக்கு 54 ரூபாய் என்று கொட்டேஷன் போய்விட்டது; உண்மை விலை 65 ரூபாய் 34 காசு.

மறுநாள் காலையில் கண்ணில் பட்டது. பக்கத்து அச்சகக்காரர் சொன்ன யோசனை: “பேசாம இருங்கண்ணே, 70 ஜி.எஸ்.எம். சொன்ன இடத்துல 60 போட்டு அடிச்சிருங்க.” இதுதான் ‘சொன்ன சொல் காப்பது’! அப்படிச் செய்தாலும் ரீமுக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் மிச்சம். 27 ரீமுக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். மீதி எட்டாயிரத்துக்கு பைண்டிங்கில் கை வைக்க வேண்டும், அல்லது பாதி வேலையில் “பேப்பர் விலை ஏறிடுச்சு சார்” என்று பொய் சொல்ல வேண்டும். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும் புத்தகத்தைக் கையில் வாங்கும் பதிப்பாளர் நம் வாக்கையா மெச்சுவார்?

இன்னொரு ரகம் இன்னும் மோசம்: அதே எண், அதே தேதியில் விலையை மட்டும் மாற்றி, “இதைப் பாருங்க” என்று மறுபடி அனுப்புவது. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கணக்கர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்.

சட்டம் இந்த வறட்டு வீராப்பைக் கேட்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 5ஆம் பிரிவு, எதிர்த் தரப்பின் சம்மதம் நம்மைக் கட்டும் முன்பு வரை விலைமொழிவைத் திரும்பப் பெற இடம் தருகிறது. ஆனால் ஒரு நுணுக்கம். அவர் சம்மதத்தைத் தபாலில் சேர்த்தால், சேர்த்த நொடியிலேயே நாம் கட்டுப்பட்டோம். நம் வாபஸோ அவருக்குத் தெரிந்த பிறகுதான் அவர் மேல் செல்லும். ஆகவே முதலில் தொலைபேசி, அடுத்த பத்தாவது நிமிடம் கடிதம். (முன்வைப்புத் தொகை கட்டிய அரசு டெண்டர் வேறு கதை, காலக்கெடுவுக்குள் வாபஸ் வாங்கினால் அந்தப் பணம் போகலாம்.)

நான் எழுதியது இவ்வளவுதான்:

“ஐயா, காலையில் பேசியபடி, நேற்று அனுப்பிய 118ஆம் எண் கொட்டேஷனைத் திரும்பப் பெறுகிறோம். அதன் பேரில் ஆர்டர் தர வேண்டாம். காகிதம் 27 ரீம் என்று இருக்க வேண்டியது, எங்கள் கணக்குப் பிழையால் பதின்மூன்றரை என்று ஆகிவிட்டது. மற்ற இனங்களில் மாற்றமில்லை. சரியான விலை பிரதிக்கு ரூ. 65.34, புதிய கொட்டேஷன், எண் 119, இத்துடன் உள்ளது. பழைய விலையை வைத்து நீங்கள் யாருக்கேனும் விலை சொல்லியிருந்தால் தெரிவியுங்கள். வேறு இடத்தில் விசாரிப்பதானாலும் எங்களுக்கு வருத்தமில்லை.”

இதில் உயிர்நாடி “மற்ற இனங்களில் மாற்றமில்லை” என்ற வரி. திருத்தும் சாக்கில் பிளேட்டுக்கு நூறு, லேமினேஷனுக்கு ஐம்பது என்று ஏற்றிவிடக் கை அரிக்கும். அந்த ஒரு நூறு ரூபாய் போதும், காகிதப் பிழையும் நாடகம்தான் என்று அவர் முடிவுகட்ட. நிஜமான பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரு வரியைத் திருத்தினால் மொத்தம் தானாகச் சரியாகிவிடும். அதனால்தான் 65.34ஐ 66 ஆக்கவில்லை. குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று பிறகு மனம் மாறியவர்கள் இந்தக் கடிதத்தைக் கடன் வாங்க வேண்டாம். அவர்களிடம் காட்டுவதற்குப் பிழையான வரி இருக்காது.

நேற்றே அவர் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. அப்போது செய்ய முடிந்தது வேண்டுகோள் மட்டும். மறுத்தால் 70 ஜி.எஸ்.எம்.மிலேயே அடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

பதிப்பாளர் மாலையில் கூப்பிட்டார். கோபம் இல்லாமல் இல்லை. “இப்பவாவது சொன்னீங்களே” என்றவர் அடுத்துக் கேட்டது: “அந்த அரை ஃபாரம் எதுக்கு? முன்னுரையைச் சுருக்கி 192 பக்கத்துல முடிச்சா எவ்வளவு வரும்?”