ஆச்சிக்கு மூணு ஊசி, மதினிக்கு ஒண்ணு, குட்டிப் பயலுக்கு வேற: எதுக்கு இந்தக் கணக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது செய்தியாகி எல்லோரும் பார்த்தோம். செய்தியாகாத ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ளப் போன ஆச்சியின் குதிகாலில் ஒரு தகரம் ஆழமாக இறங்கிவிட்டது.

ஊரில் அப்போது கரன்ட் இல்லை. சித்தப்பா பாளையங்கோட்டை போய் ஒரு 'டிடி' ஊசி மருந்து வாங்கினார். இரவாகிவிட்டதால் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். மருந்து கெட்டுப்போகக் கூடாதே என்று அதை ஃப்ரிட்ஜில், இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசருக்குள்ளேயே வைத்துவிட்டார். காலையில் கட்டியாகியிருந்தது உருகியதும் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "இதை எங்கே வெச்சிருந்தீங்க?" பதிலைக் கேட்டதும் குப்பையில் போட்டுவிட்டு, வேறு மருந்து எடுத்துப் போட்டார்.

"ஐஸ்ல வெச்சா நல்லதுதானே?" என்று சித்தப்பாவுக்கு வருத்தம். அதே மாதம் எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு ஊசிப் பிரச்னை வந்தது. மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருந்தது: அந்த மருந்து உயிருள்ள கிருமியா, கொன்ற கிருமியா, அல்லது கிருமியே இல்லாத டாக்சாய்டா?

மூன்று வகை, ஒரு நிமிடத்தில்

உயிருள்ள தடுப்பூசியில் கிருமி உயிரோடு இருக்கும். ஆனால் நோய் கொடுக்க முடியாத அளவுக்கு பலவீனமாக்கப்பட்டிருக்கும். தட்டம்மை-ரூபெல்லா ஊசி (எம்ஆர்), பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து எல்லாம் இந்த வகை. கொன்ற தடுப்பூசியில் கிருமி செத்திருக்கும். நாய்க்கடி ஊசி, போலியோ ஊசி இந்த வகை. டாக்சாய்டில் கிருமியே கிடையாது. கிருமி சுரக்கும் விஷத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஃபார்மலின் போட்டு அதன் வீரியத்தை எடுத்திருப்பார்கள். டெட்டனஸும் டிப்தீரியாவும் சேர்ந்த டிடி ஊசி இதுதான். முன்பு 'டிடி ஊசி' என்று நாம் சொன்னது டெட்டனஸ் மட்டும் இருந்த ஊசியை. இப்போது அரசுத் திட்டத்தில் அந்த இடத்துக்கு இரண்டும் சேர்ந்த ஊசி வந்துவிட்டது.

சித்தப்பா செய்த தப்பு

டாக்சாய்டு தானாக உடம்பை உசுப்பும் சக்தி குறைந்தது. அதனால் அதை அலுமினிய உப்பின் நுண்ணிய துகள்களில் ஒட்டவைத்துத் தருவார்கள். டிடி மருந்து பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரிவது இதனால்தான். உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உருகினாலும் பழையபடி பிரியாது. போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் கூடலாம், பாதுகாப்போ குறையும். உறைந்தது என்று தெரிந்துவிட்டால் சோதனை எதுவும் தேவையில்லை, நேராகக் குப்பைதான்.

உறைந்ததா இல்லையா என்று சந்தேகம் மட்டும் இருந்தால், தடுப்பூசிக் கிடங்கில் ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக உறையவிட்டு, பிறகு உருக விடுவார்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி, மேஜையில் அசைக்காமல் வைத்துக் கவனிப்பார்கள். உறைந்த குப்பியில் வெள்ளைத் துகள் சீக்கிரமே அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அதுவும் கெட்டது. மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். அலுமினியம் கலந்த மருந்துகளுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை செல்லும். போலியோ ஊசியில் அலுமினியம் இல்லை. ஆனால் அதுவும் உறையக் கூடாது.

உயிருள்ள மருந்துக்கோ பெரிய எதிரி சூடு. போலியோ சொட்டு மருந்தை மாவட்டக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தே சேமிக்கிறார்கள். எம்ஆர் பொடியும் உறைந்தால் கெடாது. சூடும் வெளிச்சமும்தான் அதைக் கெடுக்கும். ஆக, சித்தப்பா வாங்கி வந்தது சொட்டு மருந்தாக இருந்திருந்தால் ஃப்ரீசர் சரியான இடம். டிடி என்பதால் தப்பான இடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா வகையும் ஒரே பெட்டியில் இருப்பதால், இரண்டு எதிரிகளுக்கும் பொதுவாக 2 முதல் 8 டிகிரி வைத்திருப்பார்கள்.

குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு தாங்கியிருக்கிறது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ, அதைவிடக் கறுத்தாலோ போடக் கூடாது. ஆனால் அது சூட்டை மட்டுமே காட்டும். சித்தப்பாவின் குப்பி மாதிரி உறைந்துபோன மருந்திலும் சதுரம் வெள்ளையாகத்தான் இருக்கும்.

"போன வருசம் போட்டாச்சுல்லா?"

ஆச்சி கேட்டது இது. "ஏட்டி, போன வருசம் ஒரு ஊசி போட்டாச்சுல்லா? மறுபடியும் எதுக்கு?" டாக்டர் திருப்பிக் கேட்டார்: "சின்ன வயசுல போட்டிருக்கீங்களா?" ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இப்போதுள்ள தடுப்பூசித் திட்டமே கிடையாது. வாழ்நாளில் மொத்தம் அந்த ஒரு ஊசிதான்.

உயிருள்ள கிருமி உடம்புக்குள் பெருகும். அதனால் உடம்பு ஒரு நிஜ நோயை எதிர்கொள்வது மாதிரியே பாடம் படித்துவிடும். டாக்சாய்டு பெருகாது. ஒரு ஊசி உடம்புக்கு அறிமுகம் மட்டுமே. ஒருமுறைகூட முழுத் தவணை போடாத பெரியவர்களுக்கு முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்றாவது என்று மூன்று வேண்டும். அதன் பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று. முழுத் தவணை முடித்தவர்களுக்குக்கூட சேறு பட்ட ஆழமான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போடுவார்கள்.

ஆச்சிக்கு அன்று இன்னொரு ஊசியும் சேர்த்துப் போட்டார்கள்: டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின். இது தடுப்பூசி அல்ல. வேறொருவர் உடம்பில் தயாரான எதிர்ப்பொருள். டெட்டனஸ் பொதுவாகக் காயம் பட்ட 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். புதிதாகப் போட்ட டாக்சாய்டு வேலை செய்யத் தொடங்குவதற்குள் அது முந்திவிடலாம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் தயார் எதிர்ப்பொருள். இன்னொரு விஷயம்: டெட்டனஸ் வந்து பிழைத்தவர்களுக்குக்கூட தடுப்பூசி போட வேண்டும். அந்த விஷம் துளியளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அந்தத் துளி உடம்புக்குப் பாடம் சொல்லித்தரப் போதாது.

துருவால்தான் டெட்டனஸ் வருகிறது என்று நினைத்தேன். இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமிதான் காரணம். துருப்பிடித்த தகரம் ஆழமாகக் குத்தி, அந்த மண்ணை உள்ளே கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

மதினிக்கு ஏன் ஒன்று மட்டும்?

மதினி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ஊசி போட வந்த கிராம சுகாதார செவிலியர் டிடி மட்டும் போட்டார். "கூடவே ரூபெல்லா ஊசியும் போட்டுருங்களேன், குழந்தைக்கு நல்லதுன்னு சொல்லுதாங்களே" என்றார் பெரியம்மா. "கர்ப்பமா இருக்கும்போது அது கூடாதும்மா" என்று மறுத்துவிட்டார்.

டிடியில் உயிருள்ள எதுவும் இல்லை. கர்ப்பிணிக்குத் தாராளமாகப் போடலாம். அம்மாவின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போய், தொப்புள் கொடி வழியாக வரும் டெட்டனஸைத் தடுக்கும். முதல் கர்ப்பத்தில் நான்கு வார இடைவெளியில் இரண்டு. மூன்று வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம் என்றால் ஒன்று போதும். இப்படித்தான் பச்சிளம் குழந்தை டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் உறுதி செய்தார்கள்.

எம்ஆர் ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். பலவீனமானதுதான் என்றாலும், கருவை அடையலாம் என்ற முன்னெச்சரிக்கையால் கர்ப்பத்தில் போடுவதில்லை. போட்டுக்கொண்டால் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுவிட்டால் பயந்து கருவைக் கலைக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் போதும். பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போதும் போடலாம்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் உயிருள்ள ஊசிக்கு முன் டாக்டரைக் கேட்டாக வேண்டும். சாதாரண சளி, லேசான காய்ச்சல் எந்த வகைக்கும் தடை இல்லை. முன்பு அதே ஊசிக்கு மூச்சுத்திணறல் வரை போன கடும் அலர்ஜி வந்திருந்தால் எந்த வகையானாலும் தடைதான். நாய்க்கடி ஊசி மட்டும் விதிவிலக்கு. நோய் வந்தால் உயிர் பிழைப்பது மிக அரிது என்பதால், கடித்த பிறகு கர்ப்பிணி உட்பட எல்லோருக்கும் போட்டே ஆக வேண்டும். பழைய அலர்ஜி இருந்தால் அதைச் சொல்லிவிட்டு, டாக்டர் கண்காணிப்பில் போடுவார்கள்.

குட்டிப் பயலின் புதன்கிழமை

அக்கா மகனுக்கு ஒன்பது மாதம். எம்ஆர் முதல் ஊசி. "பிறந்ததுமே போட்டிருக்கலாமே" என்றாள் அக்கா. பிறக்கும்போது குழந்தைக்கு அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருக்கும். அது ஊசியில் வரும் உயிருள்ள வைரஸைப் பெருக விடாமல் அடித்துவிடும். ஒன்பது மாதத்தில் அது பெரும்பாலும் வடிந்துவிடும். ரத்தம் ஏற்றிய குழந்தைக்கும் இதே காரணத்தால் எம்ஆர் ஊசியைச் சில மாதம் தள்ளிப்போடுவார்கள். அதனால் ரத்தம் ஏற்றியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது எம்ஆர், டிடி மாதிரி மங்கிப்போன நினைவைத் தூண்டுவதற்காக அல்ல. முதல் ஊசி எடுபடாமல் போன குழந்தைகளுக்கு இரண்டாவது வாய்ப்பு. இரண்டும் எடுத்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற பேச்சே இல்லை.

எம்ஆர் பொடியைத் திரவத்தில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான். அதில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து இல்லை. டிடி குப்பியில் அது உண்டு என்பதால், சரியான குளிரில் வைத்திருந்தால் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதனால் எம்ஆர் போடும்போது "எத்தனை மணிக்குக் கரைச்சீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். குப்பியின் மேல் நேரம் எழுதியிருக்க வேண்டும்.

ஆச்சியின் காயம் ஆறிவிட்டது. இரண்டாவது ஊசி ஜனவரியில் போட்டாச்சு. மூன்றாவதுக்குத் தேதி வந்ததும் "காயம்தான் ஆறிட்டே" என்று நழுவப் பார்த்தார். விடவில்லை. தேதியை காலண்டரில் எழுதி வைத்து, சித்தப்பாவே அழைத்துப் போனார். இந்த முறை கையில் மருந்து எதுவும் எடுத்துப் போகவில்லை.