பச்சைச் சிப்பி யாருக்கு ஆகாது?

மட்டியோ இறாலோ நண்டோ, எதுவானாலும் சட்டியில் நன்றாகக் கொதித்த பின்னர்தான் எமது கோப்பைக்கு வரும். சிப்பியைப் பச்சையாக உண்ணும் வழக்கம் எம்மிடையே இல்லை. ஆனால் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போய்வரும் தாய்மாரும், உல்லாசப் பயண விடுதிகளில் வேலை செய்யும் சகோதரிகளும் பச்சைச் சிப்பியையும் 'சுஷி'யையும் காணவே செய்கிறார்கள். "ஒருக்கா சாப்பிட்டுப் பாருங்கோ மாமி" என்று மருமகன் தட்டை நீட்டினால் மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். சிலர் கட்டாயம் மறுக்கத்தான் வேண்டும்.

சிப்பி கடல்நீரை உள்ளே இழுத்து, வடித்து, அதிலுள்ளவற்றை உண்டு வாழ்கிறது. அதனால் நீரிலுள்ள கிருமிகளும் அதன் சதையில் சேர்ந்துவிடுகின்றன. இளஞ்சூடான, உப்புக் குறைந்த கடல்நீரில் 'விப்ரியோ வல்னிபிகஸ்' என்ற பக்டீரியா இயற்கையாகவே வாழ்கிறது. அழுக்கு நீரில்தான் இது இருக்கும் என்றில்லை. இது உள்ள சிப்பி பார்வைக்கும் மணத்துக்கும் சுவைக்கும் நல்ல சிப்பி போலவே இருக்கும்.

ஒரு மேசையில் நான்கு பேர் இருந்து ஒரே தட்டில் பச்சைச் சிப்பி உண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், அல்லது ஓரிரு நாள் வயிற்றோட்டத்துடன் தீரலாம். நான்காமவர் நெடுநாள் குடியினால் ஈரல் கெட்டவர். ஓரிரு நாளில் அவருக்குக் கடும் காய்ச்சலும் நடுக்கமும் வருகின்றன. இரத்த அழுத்தம் விழுகிறது. கால்களில் இரத்தம் கோத்த கொப்புளங்கள் எழும்புகின்றன. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். இந்த நிலைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் சிகிச்சை பெற்றும் இறந்துவிடுகிறார்கள்.

ஏன் அவருக்கு மட்டும்? குடலிலிருந்து வரும் இரத்தத்தில் உள்ள கிருமிகளைப் பிடித்து அழிப்பது ஈரலின் வேலைகளில் ஒன்று. மேலும் இந்தக் கிருமி பெருக இரும்புச்சத்து வேண்டும். நலமான உடல் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கும். ஈரல் கெட்டவரின் இரத்தத்தில் அது கிருமிக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா நோயாளரின் உடலிலும் இரும்பு மிகுதியாகச் சேர்வதால் அவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. (இதைப் படித்துவிட்டு, கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை எவரும் நிறுத்திவிட வேண்டாம். அது வேறு விடயம்.) நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய்ச் சிகிச்சை என்பவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியைத் தொடக்கூடாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1991 முதல் உணவகங்களில் எச்சரிக்கை அறிவித்தல் மாட்டப்பட்டது. ஆயினும் மெக்சிக்கோ வளைகுடாச் சிப்பியை உண்டு இறப்பது நிற்கவில்லை. தமது ஈரலில் நோய் இருப்பதையே பலர் அறியாதிருக்கும்போது அறிவித்தல் யாருக்குப் பயன்படும்? 2003இல், கடல்நீர் சூடாக இருக்கும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அந்த வளைகுடாச் சிப்பி கிருமி நீக்கப்பட்டிருந்தால் மட்டுமே விற்கலாம் என்று சட்டம் செய்தார்கள். அதன்பின் அந்த மரணங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின.

தேசிக்காய்ப் புளி விட்டாலும், மிளகாய்ச் சோஸ் ஊற்றினாலும், கூடவே மதுபானம் குடித்தாலும் இந்தக் கிருமி சாகாது. குளிரூட்டியில் வைத்தால் பெருகுவது மட்டுமே நிற்கும். வெப்பம்தான் ஒரே வழி. ஓட்டுடன் உள்ள சிப்பியைக் கொதிநீரில் இட்டு, வாய் திறந்த பிறகும் மேலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க விடவேண்டும். வாய் திறந்தவுடன் இறக்குவதுதான் வழக்கமான பிழை. திறக்காததை எறிந்துவிடுங்கள்.

சுஷி எல்லாமே பச்சை மீன் அல்ல. வெள்ளரிக்காயோ அவித்த இறாலோ வைத்ததும் உண்டு. பச்சை மீனை மிகக் கடுங்குளிரில் உறைய வைத்தால் அதிலுள்ள புழுக்கள் சாகும், பக்டீரியாக்கள் எல்லாம் சாகா. ஆகவே மேற்சொன்ன நோயாளர் அதையும் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் பச்சை மீனுடன், அடுப்பில் வேகாமல் குளிர்ப்புகையில் பதப்படுத்திய மீனையும் விடவேண்டும். அதில் இருக்கக்கூடிய 'லிஸ்டீரியா' என்ற கிருமி, தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தோன்றினாலும் கருவைச் சிதைக்கலாம்.

இந்த விப்ரியோ வாய்வழியாக மட்டும் வருவதில்லை. காலில் வெட்டுக்காயத்துடன் களப்பில் மட்டி பொறுக்குபவருக்கும், கையில் சிப்பி ஓடு கீறியவருக்கும் காயத்தின் வழியாக உட்செல்லும். உடனே நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுங்கள். ஒரு நாளுக்குள் காயம் வீங்கிச் சிவந்து, காயத்தின் அளவை மீறி வலித்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் "கடல் தண்ணி பட்ட காயம்" அல்லது "பச்சைச் சிப்பி சாப்பிட்டேன்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஈரல் நோய் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உரிய நுண்ணுயிர்க்கொல்லியை அவர் தாமதமின்றித் தொடங்க அது உதவும்.