நோய்க்குப் பின் தோட்ட வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பும் செம்பனைக் குலை வெட்டுநர், 'இலகு வேலை' என்று மட்டும் எழுதிக் கேட்டால், நாள் முழுதும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் கடின வேலைக்கே அனுப்பப்படக்கூடும்.

ஆகவே நிர்வாகிக்குத் தரும் கடிதத்தில், மருத்துவச் சான்றோடு, முதல் இரு வாரம் நாற்றுமேடையில் அரைநாள், அடுத்த இரு வாரம் அங்கேயே முழுநாள், பின்னரே நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுதல் என்னும் படிகளும், முந்தைய நாளின் மூச்சிரைப்பு மறுநாள் காலையிலும் நீங்காவிடில் கீழ்ப்படிக்குத் திரும்பும் ஏற்பாடும் இடம்பெற வேண்டும். எடைக்கூலி இக்காலத்தில் குறையுமாதலால், நாட்கூலிக் கணக்கும் தெளிவாகக் கேட்கப்பட வேண்டும்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007 முதல் நடத்தும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில், அதன் அலுவலர் முதலாளியுடன் பேசி இத்தகைய மாற்றங்களுக்கு வழிசெய்வதால், சந்தாதாரர் அவரை முன்கூட்டியே அணுகுவது நலம்.

வாசகர், சிரம்பான்